டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரி: ‘தினமும் வேகநடை’

மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் காகிதத்தில் மாத்திரைகளைப் பற்றித் தெளிவாக எழுதியிருக்கும். காலையில் எது, இரவில் எது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: ‘தினமும் 30 நிமிடம் வேகநடை’. எந்த நாளிலிருந்து, எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது என்று அதில் இருக்காது. அதனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே ஒருவர் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் முழு நீளமும் போய்த் திரும்புவார். இன்னொருவர் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கமாட்டார். இருவர் கையிலும் இருப்பது அதே காகிதம்தான்.

அந்த ஒரு வரியை விரித்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்வோம். வயது 56. முதலியார்பேட்டையில் மளிகைக் கடை, வீடு முதல் மாடியில். ஒரு ரத்தக்குழாயில்தான் அடைப்பு, அதற்கு வலது மணிக்கட்டு வழியாக ஒரு ஸ்டென்ட். எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் அளவு 50 சதவீதம். நாலாம் நாள் வீடு திரும்பிவிட்டார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், இதயத்துக்கு மெட்டோபுரோலால் உள்ளிட்ட வழக்கமான மாத்திரைகள். பெரிய சிக்கல் இல்லாத கேஸ். பம்ப் அளவு 40-க்குக் கீழே இருப்பவர்கள், இன்னும் திறக்காத அடைப்பு மிச்சமிருப்பவர்கள், இதயத்துடிப்பு தாறுமாறாகிச் சிகிச்சை பெற்றவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கான அளவை அவர்களின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நிமிடம் கூடட்டும், பிறகு வேகம்

ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இதயத்தசை தழும்பாகி உறுதிப்பட ஏறத்தாழ 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை இதயத்துக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்பது பழைய காலத்து எண்ணம். படுத்தே கிடந்தால் கால் தசை இளைக்கும், எழுந்தால் தலை சுற்றும், சில படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனால் அந்த வாரங்களில் திடீரென்று பெரிய வேலை கொடுக்கவும் கூடாது. ஆகவே சின்னச் சின்னதாக, நாளுக்குப் பல தடவையாகக் கொடுப்பதுதான் வழி.

நம் மளிகைக்காரர் முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். கூடத்திலிருந்து பின்கட்டு வரை, ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. இரண்டாம் வாரம் தெருவில் 10 நிமிடம், காலை மாலை இரு வேளை. மூன்றாம் வாரம் 15, நான்காம் வாரம் 20. இதுவரை நடை சாதாரண வேகம்தான், நிமிடத்துக்கு 80 அடி வைத்தால் போதும். ஐந்தாம் வாரம் ஒரே மூச்சாக 30 நிமிடம் நடக்க முடிகிறது என்றால், அதன் பிறகுதான் ‘வேகநடை’ என்ற சொல்லுக்கே இடம். வாரக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல. ஒரு வாரத்து அளவு சிரமமாக இருந்தால் அடுத்த வாரமும் அதே அளவில் நிற்கலாம், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதில்தான் நஷ்டம்.

மாடிப்படி பற்றி எல்லா வீட்டிலும் சண்டை வரும். ‘ஒரு மாசம் கீழயே இறங்கக் கூடாதுங்க’ என்று வீட்டில் சொல்வார்கள். சிக்கல் இல்லாத கேஸில் அவ்வளவு கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை. முதல் வாரத்தில் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை இறங்கி ஏறலாம். ஏறும்போது பேசாமல், பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கைப்பிடியைத் தொட்டபடி ஏற வேண்டும். படி ஏறுவது சமதரையில் நடப்பதைவிட நல்ல கனமான வேலை என்பதால், நடந்து முடித்து வந்த சூட்டோடு ஏறாமல் கீழே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஏறுவது நல்லது.

எங்கே நடப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. புதுச்சேரிக்காரருக்கு நடை என்றாலே கடற்கரைச் சாலைதான். காந்தி சிலையைத் தாண்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் வண்டிகளை விடாமல் தடுத்துவைத்திருப்பதால் நடக்க அருமையான இடம். சிக்கல் என்னவென்றால், ஒரு முனைக்குப் போய்விட்டால் திரும்பி வந்தாக வேண்டும். 10 நிமிடம் நடக்க வேண்டியவர் உற்சாகத்தில் 12 நிமிடம் ஒரே திசையில் போய்விட்டால், அன்றைய நடை 24 நிமிடம் ஆகிவிடும். அதனால் முதல் நான்கு வாரம் சொந்தத் தெருவில், வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்தைத் தாண்டாமல், முன்னும் பின்னுமாக நடப்பதே புத்திசாலித்தனம். கடற்கரைக்குப் போகும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பாதியைக் காற்றை எதிர்த்து நடந்தால், களைத்துத் திரும்பும் பாதியில் காற்று முதுகில் தள்ளும். மாற்றிச் செய்தால் கடைசி ஐந்து நிமிடம்தான் அன்றைய மிகக் கடினமான ஐந்து நிமிடமாக இருக்கும்.

கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. அங்கே சாலையிலேயே நடங்கள், மணலில் இறங்காதீர்கள். அடி வைக்கும்போது கால் புதைவதால், தளர்ந்த மணலில் அதே வேகத்தில் நடக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றல் செலவாகும். ‘சும்மா பத்து நிமிஷம்தான் நடந்தேன், அதுக்கே இப்படி வாங்குது’ என்று சொல்பவரிடம் எங்கே நடந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மணலில் நடந்திருப்பார்கள்.

ஒரே மூச்சில் ஒரு ஆர்டர்

இனி வேகத்துக்கு வருவோம். நல்ல உடம்புக்காரருக்கு நிமிடத்துக்கு 100 அடி என்பது வேகநடையின் தொடக்கம். ஒரு அடிக்கு 65 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 65 மீட்டர், 20 நிமிடத்தில் 1.3 கிலோமீட்டர். இது கணக்குக்கு உதவும். ஆனால் அதே 100 அடி ஒருவருக்கு உலாவல், இன்னொருவருக்கு ஓட்டம். அதனால் காலை எண்ணுவதைவிட மூச்சைக் கவனிப்பது மேல்.

மளிகைக்காரர் நடந்துகொண்டே, கடைக்கு வரும் வாடிக்கையாளர் கேட்பது போல, ‘அண்ணே, ரெண்டு கிலோ பொன்னி, அரை கிலோ துவரம்பருப்பு, நூறு கிராம் கடுகு குடுங்க’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும். நடுவில் மூச்சு இழுக்காமல் சொல்லி முடித்து, அடுத்து ஒரு நல்ல மூச்சு தேவைப்பட்டால் வேகம் சரி. அதையே ராகம் போட்டுப் பாட முடிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். துவரம்பருப்பிலேயே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம், உடனே குறைக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும். நண்பர்களோடு நடப்பதில் வரும் ஆபத்தே, பேச்சு சுவாரஸ்யத்தில் அவர்கள் வேகத்துக்கு நம் கால் போய்விடுவதுதான். பேச்சை அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நாம் ‘ம்… ம்…’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்போம். அந்த ‘ம்’ வந்துவிட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

நாடித்துடிப்பையும் பார்க்கலாம், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. 220-இல் வயதைக் கழித்து அதில் இத்தனை சதவீதம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை இவருக்குப் பொருந்தாது. அவர் சாப்பிடும் மெட்டோபுரோலால் துடிப்பு ஏறுவதையே அடக்கி வைக்கும் மாத்திரை. கணக்குப்படி 56 வயதுக்கு 164 உச்சம், அதில் 70 சதவீதம் என்றால் 115. அந்த 115-ஐ எட்டவேண்டும் என்று மாத்திரை சாப்பிட்ட உடம்பை விரட்டினால், துடிப்பு வருவதற்கு முன் நெஞ்சுவலி வந்துவிடும். டிரெட்மில் சோதனை செய்து அளவு சொல்லும்வரை, உட்கார்ந்திருக்கும்போது உள்ள துடிப்புக்கு மேல் 20 என்பதே பாதுகாப்பான எல்லை. இவருக்கு உட்கார்ந்திருக்கும்போது 64, ஆகவே நடக்கும்போது 84 வரை.

எண்ணும் முறையும் முக்கியம். ஆஞ்சியோ செய்த வலது மணிக்கட்டை விட்டுவிட்டு, இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். நின்றவுடனே எண்ண வேண்டும், செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு எண்ணினால் துடிப்பு இறங்கியிருக்கும். துடிப்பு விட்டுவிட்டு ஒழுங்கில்லாமல் வந்தால் முழு ஒரு நிமிடம் எண்ணி, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்புவதானாலும், ஒருமுறை விரலால் எண்ணி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வியர்த்த கையில் அது உளறுவதுண்டு.

ஆறாம் வாரம் 30 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் உலாவல். அடுத்த 20 நிமிடத்தில் 3 நிமிடம் சாதாரண நடை, 1 நிமிடம் வேகநடை, இப்படி ஐந்து சுற்று. கடைசி 5 நிமிடம் மறுபடி உலாவல். சரிப்பட்டு வந்தால் அடுத்த வாரம் 2 நிமிடம் சாதாரணம், 2 நிமிடம் வேகம். வேகம் அதிகமானதா என்று அந்த நேரத்தில் மட்டும் பார்க்காதீர்கள். நடந்து முடித்து 10 நிமிடத்தில் மூச்சும் துடிப்பும் பழைய நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட வேண்டும். அன்று மாலை உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தாலோ, இரவு தூக்கம் வராமல் புரண்டாலோ, காலையில் போட்ட அளவு கூடுதல்.

கடைசி ஐந்து நிமிட உலாவலை யாரும் மதிப்பதில்லை. நடக்கும்போது கால் தசைகளின் ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்திருக்கும். கெண்டைக்கால் ஒவ்வொரு அடிக்கும் பிழிந்து அந்த ரத்தத்தை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றுவிட்டால் பிழிவது நின்றுவிடும், ரத்தம் காலிலேயே தேங்கும், ரத்தஅழுத்தம் இறங்கும், கண் இருட்டும். ரத்தஅழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இது இன்னும் எளிதாக நடக்கும். நடை முடிந்ததும் அப்படியே நின்று அரட்டை அடிப்பவர்களில் சிலர் தலைசுற்றிக் கைப்பிடிச் சுவரைப் பிடிப்பது இதனால்தான். உடனே வெந்நீர்க் குளியலும் இதே காரணத்தால் வேண்டாம், 20 நிமிடம் போகட்டும்.

‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லிக்கொள்வது

மூன்றாம் வாரக் கடைசி என்று வைத்துக்கொள்வோம். மளிகைக்காரர் 15 நிமிடம்தான் நடக்க வேண்டும், ஆனால் நன்றாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறார். தெருமுனை மின்கம்பத்தருகே நெஞ்சில் ஒரு பாரம், தாடை வரை ஏறுகிறது. நிற்கிறார், இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து, ராத்திரி சாப்பிட்ட கிழங்கின் வேலை என்று சோடா குடிக்கிறார், ஏப்பம் வருகிறது, நிம்மதி. மறுநாள் அதே மின்கம்பம், அதே பாரம்.

வாயுவுக்கு மின்கம்பம் தெரியாது. நடந்தால் வருவது, நின்றால் போவது, மறுநாள் ஏறத்தாழ அதே தூரத்தில் திரும்ப வருவது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது இதயம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வலி என்றே இருக்க வேண்டியதில்லை. அழுத்தம், எரிச்சல், தாடைக் குடைச்சல், இடது கை மரப்பு, காரணமில்லாத மூச்சுத்திணறல், இவற்றில் எதுவாகவும் வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி மங்கலாகவே தெரியும்.

முதல் தடவை வந்த உடனேயே செய்ய வேண்டியது இது: நடையை நிறுத்தி உட்கார வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் 5 மி.கி. மாத்திரை ஒன்றை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், அது ரத்தஅழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், நின்றபடி வைத்தால் விழ வாய்ப்புண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் ரத்தஅழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். கூச்சப்படாமல் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 5 நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் 108. மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது வேண்டாம், வழியில் துடிப்பு நின்றால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது. வலி விட்டுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முன்பு 15 நிமிடத்தில் வந்தது இப்போது 5 நிமிடத்தில் வருகிறது, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது என்றால் நடையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சார்பிட்ரேட் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. பெரும்பாலும் வீட்டு அலமாரியில், அல்லது வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் பெட்டியில். இருக்க வேண்டிய இடம் நடப்பவரின் பை. வியர்வை படாமல் ஒரு சிறு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

இவருக்கு இன்னொரு கவனமும் தேவை. கிளிமிபிரைடு சாப்பிடுபவர் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். தாழும்போது வழக்கமாகக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். மெட்டோபுரோலால் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், மிஞ்சுவது வியர்வை மட்டும். புதுச்சேரியில் மே மாதம் காலை ஆறரைக்கு வியர்வையை யார் கவனிப்பார்கள்? அதனால் நடக்கும் முன் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட வேண்டும், பையில் மூன்று நான்கு ஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் இருக்க வேண்டும். முழுச் சாப்பாடு சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ‘மாத்திரையால்தான் துடிப்பு ஏறவில்லை’ என்று மெட்டோபுரோலாலை நிறுத்துபவர்களும் உண்டு. திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்தது துள்ளும், நெஞ்சுவலி திரும்பும்.

கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை வெயில் தணிந்த பின். வெக்கையில் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும், அதனால் அதே நடைக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடத்திலேயே நடக்கலாம். காய்ச்சல் இருக்கும் நாளிலும், உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 100-க்கு மேல் போகும் நாளிலும் நடை வேண்டாம். நடந்து முடித்து இளநீர் குடிப்பவர்களில் சிறுநீரகம் பலவீனமானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ரத்தஅழுத்தத்துக்குத் தரும் ராமிபிரில் வகை மாத்திரையோடு இளநீர் சேரும்போது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். வடைக்கும் போண்டாவுக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பதில் தெரிந்ததுதான்.

நடையைவிடக் கடினமானது கடையில் காத்திருக்கிறது

மளிகைக்காரர் நான்காம் வாரம் 20 நிமிடம் சுலபமாக நடக்கிறார், சரி கடையைத் திறக்கலாம் என்று போகிறார். ஷட்டரைக் குனிந்து பிடித்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குகிறார். அந்த ஐந்து விநாடி அவருடைய 20 நிமிட நடையைவிட இதயத்துக்குக் கனம். கை வேலையில் அதே அளவு உழைப்புக்குத் துடிப்பும் அழுத்தமும் கால் வேலையைவிட அதிகம் ஏறும், மூச்சை அடக்கி முக்கினால் ரத்தஅழுத்தம் இன்னும் எகிறும். அரிசி மூட்டை 25 கிலோ, தண்ணீர் கேன் 20 கிலோ, நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் போடுவதும் இந்த வகைதான். மலச்சிக்கலில் முக்குவதும் இதே வகைதான், அதற்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

அதனால் கடையில் முதலில் கல்லாவில் உட்காரும் வேலை, அரை நாள். ஷட்டரைப் பையன் தூக்கட்டும். ஆஞ்சியோ செய்த கையில் முதல் வாரம் கனம் தூக்கக் கூடாது. பிறகும் டிரெட்மில் சோதனை முடியும்வரை 5 கிலோவுக்கு மேல் எதையும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. தூக்கும்போது வாயால் மூச்சை விட்டுக்கொண்டே தூக்கப் பழக வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டு தூக்க முடியாத கனம் அவர் தூக்க வேண்டிய கனம் அல்ல.

சோதனைக்குப் போகும்போது ஒரு பாக்கெட் நோட்டு கையில் இருக்கட்டும். கடைக்கணக்கு எழுதும் கைக்கு இது ஒன்றும் பாரமில்லை. நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, எத்தனை நிமிடம், முன் துடிப்பு, பின் துடிப்பு, மூச்சு எப்படி, வேறு ஏதாவது. ‘20 நிமிடம், 64, 82, ஆர்டர் முழுசா சொன்னேன்’ என்று ஒரு வரி. ‘12 நிமிடம், 66, 88, மின்கம்பம்’ என்று இன்னொரு வரி. மருத்துவர் இந்த இரண்டாம் வரியில்தான் விரலை வைத்து நிறுத்துவார்.